சதமடித்த வெயிலும் பாதியாக்கும் கணக்கும்

(கும்மிடிப்பூண்டியில் கணிதம், அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல், மே மாதங்களில் செய்தித்தாளைப் பிரித்தால் "வெயில் சதமடித்தது" என்ற தலைப்பைப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியின் பெயர் அடிக்கடி இடம்பெறும். திருத்தணி 104 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அதே நாளில் கைப்பேசியைப் பார்த்தால் 40 என்று இருக்கும். வானிலை ஆய்வு மையம் வெப்பநிலையைச் செல்சியஸில்தான் தருகிறது. சதம் என்ற சொல்லுக்காகவே நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றிச் சொல்கின்றன.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று வகுப்பில் படித்த குழந்தை, "அப்படியென்றால் திருத்தணி ஏரித் தண்ணீர் ஏன் சார் கொதிக்கவில்லை?" என்று கேட்டால் அது குறும்பு அல்ல, சரியான கேள்வி. ஒரு அளவுகோலில் தண்ணீர் 0-இல் உறைந்து 100-இல் கொதிக்கிறது. மற்றொன்றில் 32-இல் உறைந்து 212-இல் கொதிக்கிறது. அங்கே 100 பாகம், இங்கே 180 பாகம். அதனால்தான் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்கிறோம்.

இந்தக் கணக்கை மனத்தில் போடுவது சிரமம். ஆகவே ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது: 30-ஐக் கழி, மீதியைப் பாதியாக்கு. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் "இங்கே இன்று 50 டிகிரி" என்று சொன்னால், 30 போக 20, அதில் பாதி 10. உண்மையான விடையும் சரியாக 10 டிகிரி செல்சியஸ்தான். இதைப் பார்த்தவர்களுக்கு இந்த வழியின் மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது.

இப்போது அதே வழியில் திருத்தணியின் 104-ஐ மாற்றுவோம். 30 போக 74. பாதி 37. ஆனால் உண்மை 40. மூன்று டிகிரி குறைந்துவிட்டது. இது சின்ன வித்தியாசமா? சமவெளிப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான், அது இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்து, வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கிறது. கடலோரத்துக்கு அந்த எல்லை 37. திருத்தணி உள்நாட்டுப் பகுதி. கும்மிடிப்பூண்டிக்கு அருகில் கடல் இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு எல்லைகளையும் நினைவில் வைக்க வேண்டிய நமக்கு, 37-க்கும் 40-க்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. நம் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் சிப்காட் வளாகத்தில் வெயிலிலும் உலைச் சூட்டிலும் வேலை செய்கிறார்கள். அந்த வீடுகளில் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

50-இல் சரியாக வந்த வழி 104-இல் ஏன் தவறுகிறது? இதைத்தான் வகுப்பில் கண்டுபிடிக்க விட வேண்டும். உண்மை விடையிலிருந்து குறுக்குவழி விடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

(F − 32) × 5/9 − (F − 30)/2 = (F − 50)/18

பின்னங்களுக்குப் பொதுப் பகுதி 18 எடுத்தால் இது இரண்டே வரியில் முடிந்துவிடும். விடை சொல்வது இதுதான்: 50-இல் பிழை இல்லை. அங்கிருந்து ஒவ்வொரு 18 பாரன்ஹீட் ஏறும்போதும் நம் விடை ஒரு டிகிரி குறைந்துகொண்டே போகும். 68-இல் ஒன்று, 86-இல் இரண்டு, 104-இல் மூன்று. குளிர்நாட்டுக்காரருக்கு அவர் ஊர் வெப்பநிலை 50-ஐச் சுற்றியே இருப்பதால் இந்த வழி போதும். நம் ஊர் வெப்பநிலை 50-இலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. வழியில் குறை இல்லை. அது பொருந்தும் எல்லைக்கு வெளியே நாம் அதைப் பயன்படுத்துகிறோம்.

வரைபடத்தாளில் இரண்டு சமன்பாடுகளுக்கும் கோடு வரையச் சொன்னால், இரண்டும் (50, 10) என்ற புள்ளியில் வெட்டி, பிறகு மெல்ல விலகுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நேரிய சமன்பாடுகள் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாதியாக்கும் வழியைக் கைவிட வேண்டியதில்லை. திருத்தினால் போதும். 32-ஐக் கழியுங்கள், பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 104-இல் 32 போக 72. பாதி 36. பத்தில் ஒரு பங்கு 3.6. கூட்டினால் 39.6. இன்னும் துல்லியம் வேண்டுமா? 3.6-இன் பத்தில் ஒரு பங்கான 0.36-ஐயும் கூட்டுங்கள், 39.96. அடுத்து 0.036. இப்படிப் போனால் 40-ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும். 1 + 1/10 + 1/100 என்று முடிவின்றிப் போகும் பெருக்குத் தொடரின் கூடுதல் 10/9. அதன் பாதி 5/9. பாடநூல் சூத்திரத்தில் இருக்கும் அதே 5/9. பத்தாம் வகுப்பில் முடிவுறாத தொடர் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இது ஒரு பதில்.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். 50-க்கு 10, 68-க்கு 20, 86-க்கு 30, 104-க்கு 40 என்ற நான்கு இணைகள் போதும். 18 ஏறினால் 10 ஏறும். 95 என்றால் 86-க்கும் 104-க்கும் நடுவில், ஆகவே 35. கோடைச் செய்தி முழுவதையும் இதைக் கொண்டே படித்துவிடலாம்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, காய்ச்சல். நம் வீட்டு வெப்பமானிகள் பல பாரன்ஹீட்டில் இருக்கின்றன. 102 என்று காட்டினால், 30-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 36 வரும். காய்ச்சலே இல்லை என்று தோன்றும். உண்மை 38.9. உடல் வெப்பத்துக்கு இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்தவே கூடாது என்று பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேறுபாடு. "வெப்பநிலை இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகரிக்கும்" என்று ஒரு முன்னறிவிப்பு வருகிறது. இதைப் பாரன்ஹீட்டில் சொல்லச் சொன்னால் பல மாணவர்கள் சூத்திரத்தில் 3-ஐப் போட்டு 37.4 என்று எழுதுவார்கள். ஒரே நாளில் 37 டிகிரி ஏறுமா என்று கேளுங்கள். இங்கே 3 என்பது வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளின் இடைவெளி. இடைவெளியில் 32-க்கு வேலை இல்லை. 3-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 5.4, அவ்வளவுதான். தொடக்கப் புள்ளி வேறு, பாகத்தின் அளவு வேறு என்பது புரிந்த மாணவர் இந்த இடத்தில் தவற மாட்டார். புரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரைக் கண்டறியவும் இந்த ஒரு கேள்வி போதும்.

கத்திரி வெயிலில் பள்ளி விடுமுறை. ஆகவே மார்ச் மாதத்திலேயே ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். நாளிதழில் வரும் பாரன்ஹீட் அளவை ஒரு குழு எழுதட்டும். 30 கழித்துப் பாதியாக்கும் வழியில் ஒரு குழுவும், 32 கழித்துப் பாதியுடன் பத்தில் ஒரு பங்கு கூட்டும் வழியில் மற்றொரு குழுவும் செல்சியஸுக்கு மாற்றட்டும். வானிலை ஆய்வு மையம் வெளியிட்ட செல்சியஸ் அளவை நான்காவது பத்தியில் எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். எந்த விடை எவ்வளவு விலகுகிறது, ஏன் விலகுகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.