நோக்கமும் வினாவும்
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மண் பரிசோதனை பற்றிய கருத்தரங்குகளை உங்கள் ஊர்களில் நீங்களே நடத்தவிருக்கிறீர்கள். அவற்றின் அழைப்பிதழ்களில், "மண் பரிசோதனையின் இன்றியமையாமையை அறிதல்" என்னும் நோக்கமே பெரும்பாலும் முதலாவதாக அச்சாகிறது. ஒருவர் அறிந்துகொண்டார் என்பதை எவ்வாறு காண்பது? "அறிந்தீர்களா?" என்று கேட்டால், "அறிந்தோம்" என்றுதான் சபை கூறும். ஆகவே, பயின்றவர் எதைச் சொல்லுவார், எதைச் செய்வார், எதைக் கணக்கிடுவார் என்று நோக்கத்தை முதலில் மாற்றி எழுதவேண்டும். மாற்றி எழுதிய வினைச்சொல்லிலிருந்தே வினா பிறக்கும்.

மூன்று நோக்கங்களை எடுத்துக்கொள்வோம். மண் மாதிரி எடுக்கத் தகாத இடங்களைக் காரணத்துடன் கூறுதல் ஒன்று. மாதிரியை முறைப்படி எடுத்து அரைக் கிலோவாகக் குறைத்தல் இரண்டு. மண்வள அட்டையில் கண்ட சத்தின் அளவை உரத்தின் எடையாகக் கணக்கிடுதல் மூன்று. 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் பலர். மூன்றாவது நோக்கம் அவர்களுக்கானது.

முதல் நோக்கத்திற்குரிய வினாவைத் தரையில் வரையுங்கள். சுண்ணாம்புப் பொடியால் ஒரு வயலின் படம். அதில் வரப்பு, வரப்போரத்தில் ஒரு வேப்பமரம், சென்ற ஆண்டு எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் மடை, ஒரு மூலையில் நிறம் மாறிய பள்ளமான பகுதி. "இவ்வயலில் எங்கெங்கே மண் எடுக்கமாட்டீர்கள்? ஏன்?" என்று கேட்கவேண்டும். "எருக்குவியல் இருந்த இடத்தில் எடுக்கலாமா?" என்று கேட்பது வீண்; கேட்கும் குரலிலேயே விடை வெளிப்பட்டுவிடும். நிறம் மாறிய பள்ளத்தை வெறுமனே தள்ளிவிடுவாரும் உண்டு. அதற்குத் தனியே ஒரு மாதிரி எடுக்கவேண்டும் என்று சொல்பவரே விஷயத்தைப் பிடித்தவர்.

இரண்டாவது நோக்கத்தில் "எடுத்தல்" என்று இருக்கிறது. வாயால் விடை சொல்லச் செய்வது இங்கே போதாது. மண்வெட்டியைக் கையில் கொடுத்து, "எடுத்துக் காட்டுங்கள்" என்பதே வினா. நெல் வயலாயின் மேற்புல்லைச் செதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, வெட்டிய மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கத்தை மேலிருந்து அடிவரை ஒரே கனமாகச் சீவி எடுக்கவேண்டும். குழியிலிருந்து முதலில் வந்த மண்ணையே சட்டியில் இடுவதுதான் வழக்கமான பிழை. அவ்வாறு செய்தால் மேல்மண்ணும் அடிமண்ணும் சரியான விகிதத்தில் சேரா. வயல் முழுவதும் 10 முதல் 15 இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். "கலந்த மண் 8 கிலோ ஆயின் எத்தனை முறை பகுப்பீர்கள்?" என்று கேளுங்கள். 4, 2, 1, அரை என்று எண்ணி, நான்கு முறை என்பவர் முறையை உணர்ந்திருக்கிறார்.

மூன்றாவதற்கு வருவோம். "அட்டை ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து என்கிறது. முழுவதையும் யூரியாவாக இட்டால் எத்தனை கிலோ வேண்டும்?" யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே ஏறத்தாழ 87 கிலோ. அதாவது 45 கிலோ மூட்டை இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் 40 கிலோ என்றால், சத்தையும் உரத்தையும் ஒன்றாகக் கருதிவிட்டார் என்று பொருள். அவர் வயலுக்குச் சேருவது 18 கிலோ சத்துதான். 18 என்றே விடை சொன்னால், வகுக்கவேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார். முன்னவருக்கு மூட்டையில் அச்சிட்ட எண்ணைக் காட்டவேண்டும். பின்னவருக்குக் கணக்கைக் காட்டவேண்டும். இதே வினாவில், எத்தனை தவணையாக இடுவது என்பதையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு கேள்விகளைப் பிணைத்தால், விடை தவறும்போது எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்க இயலாது.

வினாக்களை நோக்கங்களின் வரிசையிலேயே கேளுங்கள். மாதிரி எடுக்கும் இடமே பிழையானால் அட்டையின் எண்ணும் பிழை. ஆதலால் முதல் வினாவில் பலர் தடுமாறினால் அங்கேயே நின்று மீண்டும் விளக்குதல் வேண்டும்.

கருத்தரங்கில் மற்றோர் இடையூறு உண்டு. முன்வரிசையில் அமர்ந்த பெரியவர் ஒருவர் விடை சொன்னவுடன், ஏனையோர் தலையசைத்துவிடுவர். மரியாதையால் வருவது அது, குற்றமன்று. ஆனால் யார் கற்றார் என்பது அதனால் மறைந்துபோகும். முதல் வினாவுக்கு ஒவ்வொருவரும் தாம் தள்ளும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்கட்டும். மூன்றாவதற்குச் சீட்டில் எண்ணை எழுதி மடித்துத் தரட்டும். எழுத இயலாதவர் அருகில் வந்து காதோடு சொல்லலாம். எல்லாரும் தந்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். இருபது பேரில் எட்டுப் பேர் 40 என்று எழுதியிருப்பின், அடுத்த அரைமணி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.