கணக்குப்பிள்ளைக்கு வாக்களித்தவர்களுக்கு



மாமல்லபுரத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி, திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு கூட்டம் ஏறிக்கொள்ள, படிக்கட்டிலே ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு செங்கற்பட்டு வந்து சேர்கிற மாணவர்கள், தேர்தல் நாளன்று முதல் மணி அடிப்பதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்கு நான் கடமைப்பட்டவன். நூற்றுச் சொச்சம் வாக்குகள் அதிகமாகத் தந்து இந்தக் கல்லூரி மாணவர் பேரவையின் தலைமையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். நன்றி என்ற சொல்லோடு அந்தக் கடன் தீராது என்பதை அறிந்தே நன்றி சொல்கிறேன்.

தேர்தல் காலத்தில் என்னைப் பற்றி ஒரு பிரசாரம் நடந்தது. யார் நடத்தினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் அறிவீர்கள். "உங்களுக்குத் தலைவர் வேண்டுமா, கணக்குப்பிள்ளை வேண்டுமா?" என்று வகுப்புக்கு வகுப்பு கேட்டுக்கொண்டு போனார்கள். கைதட்டுகிறீர்கள், அந்தக் கேள்விக்கு நீங்கள் அளித்த விடை வாக்குப் பெட்டியிலிருந்து வெளிவந்துவிட்டது. இழிவென்று கருதி அவர்கள் எனக்குச் சூட்டிய அந்தப் பட்டத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்; ஏனென்றால் எனக்கு முன் இந்தக் கல்லூரியிலே அதைச் சுமந்தவர் ஒருவர் உண்டு.

அந்த அண்ணனின் பெயரை நான் மேடையில் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்டளை. கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து படித்தவர். அவர் செயலாளராக இருந்த ஆண்டில் பேரவையின் சார்பில் மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடாயிற்று. ஆளுக்கு 250 ரூபாய், 96 பேர், ஆக 24,000 ரூபாய் வசூல். இரண்டு பேருந்துகளுக்கு வாடகை 15,000. மதியச் சாப்பாடு தலைக்கு 60 வீதம் 5,760. மோர், குடிநீர், வண்டி நிறுத்தும் கட்டணம் முதலிய சில்லறைச் செலவுகள் 1,320. எல்லோரும் ஐந்து ரதங்களுக்கு முன் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கையில், அந்த அண்ணன் ஒரு நிழலில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார் என்று உடன் சென்றவர்கள் இன்றும் சொல்வார்கள். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையிலே அந்தக் கணக்கு ஏறிவிட்டது. மீதி 1,920 ரூபாய், ஆளுக்கு இருபது. வகுப்பறை வாசல்களில் நின்று அந்த இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "இருபது ரூபாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று அன்றைக்கும் சிலர் சிரித்தார்கள்.

ஆனால் தோழர்களே, அந்தக் கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இருபது ரூபாய் மட்டுமன்று. வண்டி நிறுத்திய இடத்தில் பணம் வாங்கியவர் ரசீது தரவில்லை. மோர் விற்ற அம்மாளிடம் ரசீதுப் புத்தகம் இருக்குமா? அந்த இனங்களுக்கு நேரே "ரசீது இல்லை" என்று வெளிப்படையாக எழுதி, பணம் கொடுத்தபோது அருகில் நின்ற இரண்டு மாணவர்களின் கையெழுத்தை அவர் வாங்கி வைத்தார். ரசீது இல்லாத செலவுகள் எந்த நிர்வாகத்திலும் உண்டு. அவற்றை மறைப்பதற்காகப் பொய் ரசீது தயாரிக்கும் பொழுதுதான் நிர்வாகம் கெடுகிறது. சாப்பாடு சரியாக ஐயாயிரம், பந்தல் சரியாகப் பத்தாயிரம், இதர செலவு சரியாக மூவாயிரம் என்று ஒரு கணக்கு முழு எண்களாகவே வந்து நின்றால், அங்கே யாரோ செலவுக்குப் பின் எழுதாமல், எழுதுவதற்கென்றே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகம் கொள்ளுங்கள். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் அந்த அண்ணன்.

கணக்கில் காட்டும் இந்தக் கண்டிப்பு ஏதோ ஒரு மனிதரின் விசேஷ குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919-லும் 921-லும் சுவரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் உண்டு. குடவோலை முறையை எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையவர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சூது அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்தார்கள். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும் என்பது வரை விதி எழுதி வைத்தார்கள். விரல் மடங்கினால் அதற்குள் வேறொரு ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஊரார் கள்ள ஓட்டின் இலக்கணத்தை அறிந்திருந்தார்கள்!

அந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது. இந்தக் கூட்டத்தில் இருக்கிற பெரும்பாலோருக்கு, எனக்கும் சேர்த்து, அந்தக் குடத்தில் ஓலை விழுந்திராது. இன்று இடது புறம் நிரம்பி அமர்ந்திருக்கிற தோழியர்களில் ஒருவருக்கும் விழுந்திராது. அதை நாம் மறக்க வேண்டாம். ஆனால் அதே சாசனத்தில் இன்னொரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் மீண்டும் குடத்தில் இடப்படலாகாது. ஊர்க் கணக்கு எழுதுகிறவனும் தன் காலத்துக் கணக்கைத் தானே ஒப்புவித்து, அவன் நேர்மையானவன் என்று தீர்மானமான பிறகே மறுபடி அந்த வேலையில் அமரலாம்; அவனுடைய கணக்கை முடித்துக் கொடுக்க வேறொருவன் வரக்கூடாது. தலைவர் வேண்டுமா, கணக்குப்பிள்ளை வேண்டுமா என்று கேட்டவர்கள், பேருந்து ஏறி உத்திரமேரூர் சென்று அந்தச் சுவரின் முன் நின்று கேட்டுப் பார்க்கட்டும். கணக்குக் காட்டாதவனுக்கு அங்கே தலைமையே இல்லை.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று எண்ணும்படி, நம் காலத்திலும் ஒரு விதி வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையின்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு மாணவர் தேர்தல்களுக்கு நெறிமுறை வகுத்தது. 2006 செப்டம்பரில் அதை நடைமுறைப்படுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே செல்லும். முடிவு வெளியான இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கல்லூரியிடம் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி அதை இரண்டு நாட்களுக்குள், எந்த மாணவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வரம்பு மீறினாலும் கணக்குத் தராவிட்டாலும், பெற்ற வெற்றி செல்லாது.

இந்த வரம்பு எப்படி மீறப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரின் கணக்கு மூவாயிரத்தைத் தாண்டாது. வாசலிலே நின்ற பளபளப்பான பதாகைக்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்றால் "நண்பர்கள்". பிரியாணிப் பொட்டலம் வந்த வழி கேட்டால் "அபிமானிகள்". மோட்டார் சைக்கிள் ஊர்வலத்துக்குப் பெட்ரோல் ஊற்றியவர் "ஊரில் ஒரு பெரியவர்". அந்தப் பெரியவர் யார், எந்தக் கொடியைத் தோளில் போட்டிருப்பவர், எதற்காகப் பிள்ளைகளின் தேர்தலில் இவ்வளவு கரிசனம் காட்டுகிறார் என்று... வேண்டாம், முதல்வர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: மாணவர்கள் விரும்பித் தரும் நன்கொடையைத் தவிர வேறு பணம் இந்தத் தேர்தலுக்குள் வரக்கூடாது என்பதும் அந்த நெறிமுறையில் உள்ளதுதான். தாளும் மையும் கொண்டு கையால் எழுதிய எங்கள் சுவரொட்டிகள் மழையில் நனைந்தன, கிழிந்தன, மறுபடி எழுதினோம். அவற்றின் செலவு, தாள் விலை முதற்கொண்டு, கெடுவுக்கு முன்பே பலகையில் இருக்கும்.

இனி நீங்கள் என்னிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டும். பேரவைப் பணம் நீங்கள் சேர்க்கையின்போது கட்டணத்தோடு செலுத்தியது. அது கல்லூரியின் கணக்கில் இருக்கிறது. காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம். இன்ன விழாவுக்கு இவ்வளவு தேவை என்று விண்ணப்பிக்கவும், செலவான பின் ரசீதோடு கணக்கு ஒப்புவிக்கவும் மட்டுமே என்னால் ஆகும். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் முன்மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஏறும். செலவே இல்லாத மாதத்தில் "செலவு இல்லை" என்று ஏறும். ஐந்தாம் தேதி பலகை வெறுமையாக இருந்தால், ஆறாம் தேதி வந்து என்னைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பேருந்து விஷயம். பதினைந்து நாட்களில் புதுப் பேருந்து விடச் செய்வேன் என்று ஒரு வாக்குறுதி இந்தத் தேர்தலில் காற்றிலே பறந்தது. பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. அதை விடும் அதிகாரம் மாணவர் தலைவன் எவனுக்கும் கிடையாது. செய்யக்கூடியது வேறு. "கூட்டம் அதிகம்" என்று மொட்டையாக எழுதிய மனு மேசை இழுப்பறையோடு நின்றுவிடும். திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில், மாமல்லபுரம் நிறுத்தத்தில், காலை ஏழு முதல் ஒன்பது வரை எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் விடப்பட்டார்கள், எது நிற்காமலே போனது என்று இரண்டு வாரம் நாள்தோறும் குறித்து எடுப்போம். அந்தப் பட்டியலைப் பணிமனைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுப்போம். விடை வராவிட்டால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே பட்டியலைக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிவந்து பலகையில் எழுதுவோம். பேருந்து வரும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மனு எந்த மேசையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் போகாது என்று சத்தியம் செய்கிறேன். நிறுத்தத்தில் நின்று குறித்தெடுக்க ஊருக்கு நான்கு பேர் தேவை. இன்றே பெயர் கொடுங்கள். கைகள் உயர்கின்றன, இந்தக் கைகளைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் கணக்கை நானே சரிபார்த்துக்கொள்வது முறையாகாது. என் நண்பர்கள் சரிபார்ப்பதும் முறையாகாது. மூவர் கொண்ட தணிக்கைக் குழு ஒன்றை அமைக்கும்படி முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவரை ஆசிரியர்கள் நியமிக்கட்டும். மற்ற இருவரையும் என்னை எதிர்த்து நின்றவர்களே தேர்ந்தெடுத்துத் தரட்டும். என்னைக் கணக்குப்பிள்ளை என்று ஏசிய நண்பர்களே, நீங்கள் வந்து அந்த நாற்காலிகளில் அமருங்கள். ஒவ்வொரு ரசீதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தவறு கண்டால் இதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள். நாளை மாலை கல்லூரி விடுவதற்குள் அந்த இரண்டு பெயர்களையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.