வாசலில் தயங்கி நிற்பவர்



விதவை உதவித்தொகைக்கு மனு எழுத நம் உதவி மையத்திற்கு வரும் பெண்களில் சிலர் வாசலிலேயே நிற்பார்கள். பின்னால் வந்தவரை முன்னே அனுப்பிவிடுவார்கள். அப்படி நின்ற ஒருவரிடம், உட்கார்ந்த இடத்திலிருந்தே "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று உரக்கக் கேட்டுவிட்டோம். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக விசாரிக்க வந்தேன்" என்று சொல்லிப் போனவர், பிறகு வரவே இல்லை. தவறு நம்முடையது.

இப்போது நாமே எழுந்து போய் ஸலாம் சொல்கிறோம். "வாங்க லாத்தா, உட்காருங்க" என்று நாற்காலியைப் பக்கத்தில் போடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றால் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். ஆதார், ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் என்று தேவையானவற்றைச் சீட்டில் எழுதித் தருகிறோம். துருவிக் கேட்காவிட்டால், மறுநாள் அவரே தம் காகிதங்களோடு வர வழி இருக்கும்.

வருமானத்தையும் பிள்ளைகள் விவரத்தையும் கேட்காமல் மனுவை நிரப்ப முடியாது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்போம். பதிலைத் திருப்பி உரக்கச் சொல்ல வேண்டாம். முறை வந்ததும் டோக்கன் எண்ணைச் சொல்லி அழைப்போம், "விதவை பென்ஷன் யாரு?" என்று ஒருபோதும் கூப்பிட வேண்டாம்.