வார்டு எல்லை மறுவரையறை: ஆட்சேபனை மனுவில் என்ன எழுத வேண்டும்?

(தென்காசி வாக்குச்சாவடி முகவர்கள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வார்டு எல்லை ஒரு ஊரின் தேர்தலையே நிறுத்தி வைக்கும். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களில் மறுவரையறை முடித்த பிறகே ஊரக உள்ளாட்சித் தேர்தல் என்றது. நம்ம தென்காசியும் அதில் ஒண்ணு. 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம்.

அடுத்த வரைவுப் பட்டியல் வரும்போது "எங்க வார்டுக்கு அநியாயம்"னு மட்டும் எழுதினா மனு நிக்காது. எந்த பிளாக்கை எங்கே மாத்தணும்னு எழுதணும். பிளாக்னா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருத்தர் எடுக்கிற பகுதி. சுமாரா 600 பேர் இருப்பாங்க.

முதலில் எண்ணிக்கை. 2011 கணக்குப்படி தென்காசி நகராட்சியில் 70,545 பேர், வார்டு 33. சராசரி 2,138. பத்து சதவீதம் கூடலாம், குறையலாம்னு வச்சா 1,924 முதல் 2,351 வரை சரி.

ஒரு உதாரணத்துக்கு, பக்கத்துப் பக்கத்து வார்டு இரண்டு. ஒண்ணில் 2,560 பேர், இன்னொண்ணில் 1,790 பேர். பெரிய வார்டிலிருந்து 620 பேர் உள்ள பிளாக்கைத் தூக்கிக் கொடுத்தா, வாங்கின வார்டு 2,410 ஆகி வரம்பைத் தாண்டிடும். 430 பேர் உள்ள பிளாக்கைக் கொடுத்தா 2,130, 2,220. கணக்கு அருமை!

ஆனா அவசரப்படாதீங்க. வரைபடத்தை விரிச்சு, அந்த பிளாக்கைப் பென்சிலால் அடிச்சிடுங்க. மீதியுள்ள ஒரு பிளாக்கில் விரலை வச்சு, ஒட்டியிருக்கிற பிளாக் வழியாவே மற்ற எல்லாத்துக்கும் போக முடியுதா பாருங்க. முடியலைன்னா, நீங்க எடுத்தது வார்டின் கழுத்து. வார்டு இரண்டு துண்டாயிடும். மூலையில் மட்டும் தொடுறதைத் தொடர்ச்சின்னு எண்ணாதீங்க. படத்தில் ஒட்டியிருந்தாலும், நடுவில் சிற்றாறோ ரயில் பாதையோ ஓடினா, கடக்கப் பாலமோ கேட்டோ இருக்கான்னு நேரில் போய்ப் பாருங்க.

அப்போ ஓரத்தில் 480 பேர் உள்ள பிளாக்கை எடுப்போம். 2,080, 2,270. எண்ணிக்கை சரி, துண்டாகவும் இல்லை. கடைசியா வடிவம். மாத்தும் முன்னும் பின்னும் இரண்டு வார்டின் சுற்றெல்லையை நூல் வச்சு அளங்க. பரப்பு அதிகம் மாறாம எல்லை மட்டும் ரொம்ப நீண்டா, வார்டுக்கு வால் முளைச்சிருக்குன்னு அர்த்தம். புது வார்டோடு நீளமா ஒட்டுற பிளாக்கே நல்லது.

இரண்டு எச்சரிக்கை. குற்றாலம் தனிப் பேரூராட்சி. அதன் பிளாக்கைத் தென்காசி நகராட்சி வார்டில் சேர்க்க முடியாது. அடுத்து, பிளாக் நகர்ந்தா வார்டின் பட்டியலின மக்கள் விகிதமும் மாறும். அது இடஒதுக்கீட்டைத் தொடும். அந்தக் கணக்கையும் மனுவில் போடுங்க.

பிளாக் எண், முன்-பின் எண்ணிக்கை, வரைபடம். மூணும் இருந்தா அதிகாரி பதில் சொல்லியே ஆகணும்.