அம்மாயி எப்போ "கண்ணு"ன்னு கூப்பிடக்கூடாது?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: கேம்ல நம்ம கூடவே வர்ற கேரக்டருக்கு, அதாவது கம்பேனியனுக்கு, வசனம் எப்படி எழுதறது?

இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கட்சீன். கேம் நின்னு, கதை ஓடும். பெரும்பாலும் ஒரே தடவைதான் பார்ப்போம். இன்னொண்ணு, விளையாடும்போது அப்பப்போ வந்து விழற ஒரு வரி. "பின்னாடி பாரு!" மாதிரி. இதை இங்கிலீஷ்ல 'பார்க்'னு சொல்வாங்க. பூங்கா இல்ல, நாய் குரைக்கிறதுக்கான வார்த்தை. நான் குட்டி வரின்னே சொல்றேன்.

கஷ்டம் குட்டி வரியிலதான். சின்னதா ஒரு கணக்கு. பத்து மணி நேர கேம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளேயருக்கு ஹெல்த் குறையுதுன்னா 120 தடவை. அதுக்கு ஆறு வரி எழுதினாலும் ஒவ்வொண்ணையும் 20 தடவை கேட்கணும். 1998ல வந்த செல்டா கேம்ல நாவிங்கற குட்டி தேவதை "ஏய், கவனி"ன்னு கூப்பிட்டதை இன்னைக்கு வரைக்கும் கிண்டல் பண்றாங்க. 2022ல ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்ல, பொருள் எல்லாம் ஸ்டாஷுக்குப் போகுதுன்னு ஏலாய் சொல்லிட்டே இருந்தா. கடைசியில அப்டேட் விட்டுத்தான் குறைச்சாங்க.

சரி, நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். நானும் ஒரு ஃப்ரெண்டும் வீக்கெண்ட்ல ஒரு சின்ன கேம் பண்றோம். வாழப்பாடி பக்கம், ராத்திரி குச்சிக்கிழங்குக் காட்டு வழியா ஒரு பையன் அருநூத்துமலைக்குப் போறான். கூட வர்றது அவனோட அம்மாயி.

பையன் களைச்சு நிக்கறான்னு வைங்க. "என்ன கண்ணு, கரன்ட் போன சேகோ ஃபேக்டரி மாதிரி நின்னுட்ட?" முதல் தடவை சிரிப்பு வரும். மூணாவது தடவை எரிச்சல் வரும். அந்த ஜோக்கை கட்சீனுக்கு எடுத்து வெச்சிடுங்க. குட்டி வரிக்கு "செத்த உக்காரு", "தண்ணி குடி", "மூச்சு வாங்குது, நில்லு" போதும்.

அப்போ அம்மாயியோட குணம் எங்க போச்சு? அது வாக்கியத்தோட அமைப்புலயே இருக்கு. அவங்களுக்கு நாங்க வெச்ச ரூல்: கேள்வி கேக்க மாட்டாங்க, பாராட்ட மாட்டாங்க, பயம்னு சொல்ல மாட்டாங்க. கட்டளை மட்டும்தான். இருபது தடவை கேட்டாலும் ஜோக் மாதிரி சலிக்காது, ஆனா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

தமிழுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு வினைச்சொல் கடைசியில வரும். "காட்டுப்பன்னி ஒண்ணு உன் பின்னாடி வந்துக்கிட்டு இருக்குது"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பன்னி முட்டிடும். அதனால திசை முதல்ல: "பின்னாடி! பன்னி!" வினையே வேண்டாம்.

அடுத்தது, எந்த வரியை எப்போ விடறது? ரேண்டமா எடுத்தா ஒரே வரி அடுத்தடுத்து வரலாம். சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சு, ஆறும் தீர்ந்த பிறகு மறுபடி கலைக்கணும். இதுக்கு மேல, லெஃப்ட் 4 டெட் கேம்ல வால்வ் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலன் ரஸ்கின் 2012 ஜிடிசி மாநாட்டுல விளக்கியிருக்கார். ஒவ்வொரு வரிக்கும் நிபந்தனைகள் உண்டு. இப்போதைய நிலைமைக்குப் பொருந்துற வரிகள்ல, நிபந்தனை அதிகமா இருக்கற வரி ஜெயிக்கும். எங்க கேம்ல 'ஹெல்த் குறைவு' மட்டும்னா "செத்த உக்காரு". கூடவே 'பக்கத்துல தொட்டி'ன்னா "தொட்டியில மூஞ்சியக் கழுவு". எதுவும் பொருந்தலைன்னா பொது வரி காப்பாத்தும்.

இந்த சிஸ்டத்தோட உண்மையான பலன் கட்சீனுக்குப் பிறகுதான் தெரியும். எங்க மூணாவது கட்சீன்ல, ஆட்டுக்குட்டி தொலையலை, பேரன் வித்துட்டான்னு அம்மாயிக்குத் தெரிய வருது. அவங்க திட்டலை. "நட"ன்னு ஒரு வார்த்தை மட்டும். சீன் முடிஞ்சு பத்தாவது செகண்ட்ல "தண்ணி குடி கண்ணு"ன்னு வந்தா அந்த சீனே செத்துடும். நிறைய கேம்ல நடக்கறது இதுதான். கட்சீன் ஒரு ஃபைல்ல, குட்டி வரி வேற ஃபைல்ல. எழுதினவங்களும் வேற வேற ஆளா இருப்பாங்க.

அதனால 'கண்ணு' இருக்கற எல்லா வரிக்கும் 'கோபம் இல்லை'ன்னு ஒரு நிபந்தனை சேர்த்தோம். பன்னி வந்தா எச்சரிக்கை மட்டும் அப்படியே வரும். கோபத்துலயும் பேரனை விட்டுக்கொடுக்க மாட்டாங்க இல்லையா? மத்தபடி மௌனம். மலை ஏறி, பேரன் தானா விறகு பொறுக்கிப் போட்டா கோபம் நீங்கும். அப்புறம் ஹெல்த் குறையும்போது ஒரே தடவை வர்ற ஒரு வரி இருக்கு: "செத்த உக்காரு கண்ணு."

டெஸ்ட் பண்ண நாலு பேர்ல மூணு பேர் அந்த இடத்துல கன்ட்ரோலரைக் கீழ வெச்சு உக்காந்துட்டாங்க. நாலாவது ஆள் ஏற்கனவே சவுண்டை மியூட் பண்ணியிருந்தார். லாக் எடுத்துப் பார்த்தா, அவர் ஒரே பள்ளத்துல 14 தடவை "மூச்சு வாங்குது, நில்லு" கேட்டிருக்கார். இப்போ ஒரே இடத்துல ரெண்டு தடவைக்கு மேல அம்மாயி வாயே திறக்கறதில்ல.