மேசை வாசிப்பும் திருத்தப் பிரதியும்



குறும்படம் எடுக்க முற்படும் இளைஞர்கள் இன்று நம் நாட்டிற் பலர். கமராவைப் பற்றியும் ஒளியமைப்பைப் பற்றியும் அவர்கள் நிறையக் கற்றிருக்கின்றனர். ஆயின், படப்பிடிப்புக்கு முன்னர் நடிகர்கள் யாவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பிரதியை முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கும் அந்த ஒரு மாலைப்பொழுதை எவ்வாறு பயன்படுத்துவதென்பதைச் சிலரே அறிவர். அவ்வாசிப்பில் நடிகர் கூறும் குறிப்புகளைத் திரட்டுவது எங்ஙனம், அவற்றைத் திருத்தங்களாக ஆக்குவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் வாசிப்பின் ஒழுங்கைக் கூறுவேன். படப்பிடிப்புக்குப் பத்து நாள் முன்னதாக இதனை வைத்துக்கொள்வது நன்று. முதல் நாள் மாலை வைத்தால் குறிப்புகளைக் கேட்கலாம், திருத்த இயலாது. காட்சி விவரணைகளை நடிகரல்லாத ஒருவர் வாசித்தல் வேண்டும். எழுத்தாளர் வாசிக்கலாகாது; அவருக்குச் செவியும் பென்சிலுமே போதும். நாத் தடுக்கிய இடத்தில் ஒரு கோடு, சிரிப்பு எழுந்த இடத்தில் ஒரு புள்ளி, தாள்கள் சலசலத்து அவையின் கவனம் சிதறிய இடத்தில் ஒரு வட்டம் என்று அவர் தம் பிரதியின் ஓரத்தில் இட்டுக்கொண்டே போகவேண்டும். இடையில் நிறுத்தி விளக்கம் கூறுவது தவறு. விளக்கம் கேட்ட நடிகருக்குக் காட்சி தெளிவாகிவிடும்; ஆனால் படம் பார்ப்போருக்கு அவ்விளக்கம் கிட்டப்போவதில்லை.

வாசிப்பு முடிந்ததும் உடனே விவாதத்தைத் தொடங்கலாகாது. முதலிற் பேசுபவரின் கருத்தே ஏனையோரையும் இழுத்துச் சென்றுவிடும். ஆதலால், ஒவ்வொருவரும் கால் மணி நேரம் மௌனமாயிருந்து, காட்சி எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துத் தம் குறிப்பைத் தாளில் எழுதட்டும். பின்னர் ஒருவர்பின் ஒருவராக வாசிக்கட்டும். அவ்வேளையில் எழுத்தாளர் மறுமொழி கூறாது, “எந்த வரியில் உங்களுக்கு அவ்வாறு தோன்றிற்று?” என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டால் போதுமானது.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பக்கமும் ஏழு காட்சிகளும் கொண்ட ஒரு கதை. வளவு ஒன்று மகளின் பெயரில் நன்கொடை உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாடு செல்ல விரும்பும் மகள் அதனை விற்பதற்கு இரகசியமாக முற்பணம் வாங்கிவிட்டாள். இந்த உண்மையை எழுத்தாளர் ஏழாங் காட்சிவரை மறைத்து, இறுதியில் வெளியிடுகிறார்.

வாசிப்பின்பின் மூன்று குறிப்புகள் வருகின்றன. தந்தையாக நடிப்பவர், “நான்காங் காட்சியில் விறாந்தையிலிருந்து நான் பேசும் பதினொரு வரியும் நீளம், குறைத்துவிடுங்கள்” என்கிறார். மகளாக நடிப்பவர், “அப்பா பேசி முடியுமட்டும் நான் ஏன் வாய்திறவாமல் நிற்கிறேன்? எனக்கும் இரண்டு வரி தாருங்கள்” என்கிறார். தம்பியாக நடிக்கும் சிறுவன், “ஆறாங் காட்சியில் வீட்டுத் திறப்பை நான் ஏன் கொண்டுவருகிறேன் என்று விளங்கவில்லை” என்கிறான்.

இம்மூன்றையும் தனித்தனியே நிறைவேற்றினால் என்ன நேரும்? தந்தையின் பேச்சுக் குறையும். மகளின் பேச்சுக் கூடும். திறப்புக்கு ஒரு விளக்கம் ஒட்டப்படும். காட்சியோ முன்போலவே உயிரற்றிருக்கும். நோயாளி வலிக்கும் இடத்தைக் காட்டுவதில் தவறுவதில்லை. மருந்தை அவர் சொல்வதுதான் தவறிவிடுகிறது. நடிகரின் குறிப்பும் அத்தகையதே. ‘குறையுங்கள்’, ‘தாருங்கள்’ என்பன மருந்துகள். அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு வலிக்கும் இடங்களை மாத்திரம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், மூன்றும் ஒரே வேரிலிருந்து எழுந்தவை என்பது புலனாகும். முற்பணம் வாங்கிய செய்தி பார்ப்போருக்குத் தெரியாது. ஆகவே தந்தையின் பேச்சு வெறும் உபதேசமாகிறது. மகளின் மௌனம் வெறும் மௌனமாகிறது. திறப்பு வெறும் இரும்பாகிறது.

திருத்தம் இப்போது எளிதாகிறது. இரண்டாங் காட்சியில் மகள் முற்பணச் சிட்டையை ஒரு புத்தகத்தினுள் ஒளித்துவைக்கிறாள். வசனம் எதுவும் இல்லை. இதன்பின் நான்காங் காட்சியில் தந்தைக்கு மூன்று வரி போதும். மகளுக்குப் புதிய வரி வேண்டியதில்லை; அவள் மௌனத்திற்கு இப்பொழுது பொருள் உண்டு. ஆறாங் காட்சியில், “நாளைக்கு வீட்டைப் பார்க்க வருகினமாம், திறப்புக் கேட்கினம்” என்று சிறுவன் தந்தைமுன் சொல்லும் ஒரே வரியில் இரகசியம் உடைகிறது. ஏழாங் காட்சியின் நீண்ட ஒப்புதலையும் பாதியாக வெட்டிவிடலாம்.

எல்லாக் குறிப்பும் இவ்வாறு ஆழமானவையல்ல. நாத் தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் மொழியைச் சார்ந்தவை. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொரு தமிழ். “இதனை நான் விற்பதற்கு உடன்படேன்” என்று பிரதியில் இருந்தால், அக் கருத்தை நடிகர் மும்முறை தம் வாய்க்கு வந்தபடி கூறட்டும். “இதை நான் விக்க விடமாட்டன்” என்று எது இயல்பாக விழுகிறதோ, அதையே எழுதிக்கொள்க. ஏற்கத்தகாத குறிப்புகளும் உண்டு. வளவை வாங்குபவரையும் ஒரு காட்சியிற் காட்டலாமே என்று ஒருவர் கூறலாம். அதற்கு இன்னொரு நடிகரும் இன்னோர் இடமும் படப்பிடிப்பில் அரை நாளும் வேண்டும். கதைக்கோ அவர் தேவையில்லை. அதனை மறுத்து, மறுத்ததற்கான காரணத்தைச் சொன்னவரிடமே கூறிவிடுதல் முறை. ஏற்பதும் மறுப்பதும் நெறியாளர் ஒருவரின் பொறுப்பாக இருத்தல் வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சுப் பிரதியின் அமைப்பை ஒட்டிப் பிறந்தது. நம் கையெழுத்துப் பிரதிக்கு அது பொருந்தும் என்பதில்லை. கடிகாரத்தை வைத்து வாசிப்பை அளந்தாலும் எச்சரிக்கை வேண்டும். “அவள் கிணற்றடிவரை நடக்கிறாள்” என்பதை இரண்டு விநாடியில் வாசித்துவிடலாம். திரையில் அது பதினைந்து விநாடி ஆகலாம். அத்தகைய இடங்களில் வாசகர் நிறுத்தி, நடையின் நேரத்தை மனத்திற் கழித்தபின் தொடர்வது உத்தமம்.

இறுதியாக, திருத்தப் பிரதி. காட்சி எண்களை ஒருமுறை நிலைப்படுத்தியபின் மாற்றலாகாது. ஐந்தாங் காட்சியை நீக்கினால், ஆறாவதை ஐந்தென மாற்றாது, ‘5 - நீக்கப்பட்டது’ என்று எழுதுக. புதிய காட்சி சேர்ந்தால் ‘4அ’ என்க. இல்லையேல் நடிகர் ஒரு காட்சியையும் பொருட்களுக்குப் பொறுப்பானவர் வேறொரு காட்சியையும் ஆயத்தம் செய்துகொண்டு வருவர். மாறிய வரியின் ஓரத்தில் ஓர் உடுக்குறியும் பக்கத்தின் தலையில் திகதியும் இடுக. மேனாட்டுப் படத்தொழிலில் ஒவ்வொரு திருத்தத்தையும் வெவ்வேறு நிறத் தாளில் அச்சிடுவர். வெள்ளைக்குப் பின் நீலம், அதன்பின் இளஞ்சிவப்பு என்பது பெரும்பாலும் வழங்கும் வரிசை. கைத்தொலைபேசியிற் பிரதியை அனுப்பும் நமக்குத் திகதியே நிறத்தின் வேலையைச் செய்யும்.

திருத்திய 2, 4, 6, 7 ஆகிய காட்சிகளை மட்டும் மறுபடியும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தந்தையானவர் அந்த மூன்று வரியில் தடுக்காவிட்டால், சிறுவன் திறப்பைப் பற்றிக் கேளாவிட்டால், திருத்தம் வேரைத் தொட்டுவிட்டதென்று கொள்ளலாம். சிட்டை ஒன்றும் புத்தகம் ஒன்றும் இரண்டாங் காட்சிக்குத் தேவை என்பதைப் பொருட்பட்டியலிற் சேர்த்துவிட்டு, படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்னதாகப் பிரதியை மூடிவிடுங்கள். அதன்பின் நடிகர் மனனம் செய்யவேண்டிய காலம். எழுத்தாளர் பேனாவைக் கீழே வைக்கவேண்டிய காலம்.