நம் கிளினிக்கில் பத்து நிமிடம் ஏன் போதவில்லை?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் சி பிளாக் மாமி ஒருவர் 5.50-க்கு நேரம் வாங்கியிருந்தும் 6.40 வரை நம் கிளினிக் வாசலில் காத்திருந்தார். இன்சுலின் போடுகிறவர். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துவிட்டது. நர்ஸ் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததால் தேறினார்.

அதன் பிறகுதான் இரண்டு வாரம் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் நோட்டில் குறித்தேன். சராசரி பத்து நிமிடம் வந்தது. நாம் ஒருவருக்குக் கொடுப்பதும் பத்து நிமிடம்தான். பிறகு ஏன் தாமதம்?

அந்தச் சராசரியில்தான் ஏமாந்தோம். ஒருவர் ஆறு நிமிடத்தில் முடித்தால் மிச்சம் நாலு நிமிடம் வீண். அடுத்தவர் இன்னும் வந்திருக்க மாட்டார். ஒருவர் 18 நிமிடம் எடுத்தாலோ, அந்த எட்டு நிமிடம் பின்னால் வரும் எல்லோர் தலையிலும் விழும். வரவு மறைந்துவிடும், பற்று மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போகும். இப்படி ஒரு லெட்ஜரை நான் வங்கியில் பார்த்ததில்லை.

டாக்டர் இருப்பது 5 முதல் 7 வரை. இதுவரை 12 பேருக்கு நேரம் கொடுத்தோம். இனி 5.40-ம் 6.30-ம் காலியாக இருக்கும். 5.10-க்கு வந்தவர் 18 நிமிடம் எடுத்தார் என்று வையுங்கள். 5.20-க்காரர் 5.28-க்குப் போவார், 5.30-க்காரர் 5.38-க்குப் போய் 5.48-க்கு வெளியே வருவார். 5.50-க்காரர் தன் நேரத்துக்கே உள்ளே போகலாம். காலி நேரத்தை மொத்தமாகக் கடைசியில் வைத்தால் டாக்டர் நேரத்துக்கு வீட்டுக்குப் போவார், நடுவில் இருப்பவருக்குப் பயனில்லை.

"இரண்டு பேர் குறைகிறார்களே?" என்று செயலாளர் கேட்டார். பழைய மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க வருபவர்களுக்கு என் நோட்டில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர்களில் இருவருக்கு ஒரே நேரம் கொடுக்கலாம். அதனால் பதிவு செய்யும்போதே எதற்காக வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். எடை, பிரஷர் பார்த்துவிடலாம். முன்னவர் சீக்கிரம் முடித்தால் நீங்கள் போகலாம்.

தாமதமாக வருபவரை உடனே உள்ளே விடுவதுதான் நம் பெரிய தவறு. 5.20-க்காரர் 5.32-க்கு வந்தால், 5.30-க்காரர் முடித்த பிறகு 5.40-ன் காலி நேரத்தில் போகலாம். முன்னவர்கள் இழுத்து அது தீர்ந்திருந்தால் 6.30 வரை காத்திருக்க வேண்டும். அதுவும் போனால் கடைசி. "ரிப்போர்ட் மட்டும் காட்டிட்டுப் போயிடறேன்" என்பவருக்கும் இதேதான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் வரிசை கிடையாது. மற்றபடி சங்கத் தலைவரே தாமதமாக வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்; அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

டாக்டரே தாமதமானால்? காலி நேரம் பத்து நிமிடத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும் நர்ஸ் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் புது நேரம் அனுப்புவார். லிஃப்டில் இறங்கினால் கிளினிக். அதுவரை வீட்டிலேயே இருக்கலாம், சாப்பிடுகிற நேரம் என்றால் சாப்பிட்டுவிட்டும் வரலாம்.